கிழிந்த பழைய படத்தில் காணாமல் போன கண்ணைத் திரும்ப அமைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

முகத்தின் ஒரு பகுதி கிழிந்துபோன படம் கைக்கு வந்ததும், புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் பெரும்பாலும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். நன்றாக இருக்கும் பாதி முகத்தை நகலெடுத்து, இடவலமாகத் திருப்பி, கிழிந்த பக்கத்தில் ஒட்டிவிடுகிறார்கள். ஐந்து நிமிடத்தில் முகம் முழுசாகிவிடும். ஆனால் வீட்டுக்காரர்கள் பார்த்ததும் "இது எங்க பாட்டி இல்லையே" என்பார்கள். ஏன் என்று அவர்களுக்குச் சொல்லத் தெரியாது. இந்த வழிகாட்டி அந்த "ஏன்" பற்றியது.

வேலையின் வரிசையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதலில் அளவும் இடமும், அப்புறம் வெளிச்சம், கடைசியில் தோலின் நயமும், கிரெயின் எனப்படும் மணல்போன்ற புள்ளிகளும். ஓரிடத்தை நகலெடுத்து இன்னோரிடத்தில் பதிக்கும் குளோன் ஸ்டாம்பைக் கையில் எடுத்துக்கொண்டு கடைசிப் படியிலிருந்து தொடங்குவதால்தான் பெரும்பாலான முகங்கள் கெட்டுப்போகின்றன.

எடுத்துக்காட்டாக ஒரு படத்தை வைத்துக்கொள்வோம். 1960-களின் கருப்பு வெள்ளை ஸ்டுடியோ படம், தபால் அட்டை அளவு. கணவர் நிற்கிறார், மனைவி நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். மனைவியின் முகத்தில், நாம் பார்க்கும்போது வலது பக்கம் கிழிந்திருக்கிறது. கண்ணின் உள்மூலையும் புருவத்தின் தொடக்கமும் மட்டும் மிச்சம். மீதிக் கண், கன்னம், உதட்டின் ஓரம், தோட்டில் பாதி எதுவும் இல்லை. தாடைக்கோடு தப்பித்திருக்கிறது. முகம் லேசாக இடப்பக்கம் திரும்பியிருக்கிறது, பார்வை கேமராவை நோக்கி. விளக்கு இடப்பக்கம் மேலே. இனி இடம், வலம் என்று எழுதும்போதெல்லாம் படத்தைப் பார்க்கிறவருடைய இடம், வலம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

போட்டோஷாப்பில் வரும் பெயர்களைப் பயன்படுத்துகிறேன். லேயர், லேயரின் ஒரு பகுதியை அழிக்காமல் மறைக்கும் மாஸ்க், படத்தை வளைக்கும் வார்ப் உள்ள எந்த மென்பொருளிலும் இதே வேலையைச் செய்யலாம்.

1. கணினியைத் திறக்கும் முன் தேட வேண்டியவை

முதலில் கிழிந்த துண்டைத் தேடச் சொல்லுங்கள். சட்டம் போட்ட படமென்றால் கண்ணாடியின் உள்பக்கத்தில் ஒட்டியிருக்கலாம், பின் அட்டைக்கும் படத்துக்கும் நடுவே விழுந்திருக்கலாம். நகத்தளவு துண்டில் கண்ணின் வெளிமூலை இருந்தால் பாதி வேலை முடிந்தது. கண்ணாடியில் ஒட்டியிருப்பதைச் சுரண்டி எடுக்க வேண்டாம். மேல்பூச்சு கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள்.

அடுத்து, அதே ஆளின் வேறு படங்கள். எல்லாப் படமும் உதவாது. முகம் அதே பக்கம் திரும்பியிருக்க வேண்டும், வயது ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். இருபது வருடம் கழித்து எடுத்த படத்தில் இமை தொங்கியிருக்கும், கன்னம் இறங்கியிருக்கும். அதிலிருந்து கண்ணை வெட்டி ஒட்ட முடியாது. ஆனால் இரண்டு கண்ணுக்கும் நடுவே எவ்வளவு தூரம், புருவம் எங்கே முடிகிறது, எந்தப் பக்க இமை சற்றுக் கனம் என்பதெல்லாம் அதில் தெரியும். ஒட்டுவதற்கு ஒரு படம், அளப்பதற்கு ஒரு படம் என்று தனித்தனியாக யோசியுங்கள்.

கூடவே சில கேள்விகளைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மூக்குத்தி ஒரு பக்கமா, இரு பக்கமா? மச்சம், தழும்பு உண்டா? சிரித்தால் வாய் ஒரு பக்கம் கோணுமா? படம் முடிந்த பிறகு கேட்டால், வேலையை இரண்டாம் முறை செய்ய வேண்டிவரும்.

2. ஸ்கேன்: கண்ணுக்கு எத்தனை பிக்சல் என்று கணக்குப் போடுங்கள்

ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்கிற டிபிஐயை முழுப் படத்தின் அளவைப் பார்த்து வைப்பது வழக்கம். இங்கே கண்ணைப் பார்த்து வையுங்கள். நம் படத்தில் முகத்தின் அகலம் சுமார் 2 செ.மீ. 600 டிபிஐயில் அது ஏறக்குறைய 470 பிக்சல். கண் என்பது முக அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு, ஆக ஒரு கண்ணுக்குக் கிடைப்பது 95 பிக்சல்தான். 1200 டிபிஐ வைத்தால் இது இரண்டு மடங்காகும். பழைய பிரிண்டில் அதனால் புது விவரம் பெரிதாக வந்துவிடாது. ஆனால் இமைக்கோட்டை வளைக்கவும், பிரஷ்ஷை நுணுக்கமாக வைக்கவும் இடம் கிடைக்கும்.

கருப்பு வெள்ளைப் படமானாலும் வண்ணத்தில், 48 பிட்டில், `TIFF` ஆக ஸ்கேன் செய்யுங்கள். மஞ்சள் கறை நீலச் சேனலில் அடர்த்தியாகவும், சிவப்புச் சேனலில் மிக மெல்லியதாகவும் விழும். கிரே ஸ்கேலில் ஸ்கேன் செய்தால் கறையையும் நிழலையும் பிரிக்க வழியே இருக்காது. ஸ்கேனர் மென்பொருளில் தானாகக் கூர்மையாக்குவது, தூசி நீக்குவது எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள்.

துண்டுகள் இருந்தால், படத்தில் எந்தத் திசையில் இருக்க வேண்டுமோ அதே திசையில் கண்ணாடிமேல் வையுங்கள். ஸ்கேனரின் விளக்கு ஒரு பக்கத்திலிருந்துதான் வருகிறது. துண்டைத் திருப்பி வைத்தால் காகிதத்தின் மேடுபள்ளம் வேறு பக்கம் நிழல் காட்டும், பிறகு என்ன செய்தாலும் அது ஒட்டுப் போட்டது மாதிரியே தெரியும். செலோடேப் போட்டு ஒட்டி ஸ்கேன் செய்யவே கூடாது. பசை காகிதத்தில் ஊறிவிடும், பிரித்தால் பூச்சு உரியும்.

3. கறையை நீக்கி, கிழிந்த விளிம்பை வெட்டுங்கள்

அசல் ஸ்கேனைத் தொடாமல் நகலில் வேலை செய்யுங்கள். மேலே ஒரு `Channel Mixer` அட்ஜஸ்ட்மென்ட் லேயர் போட்டு, `Monochrome` தேர்ந்து, சிவப்பு 100, மற்றவை 0 என்று வையுங்கள். மஞ்சள் கறை பெரும்பாலும் மறைந்துவிடும். கோப்பை `RGB`யிலேயே வைத்திருங்கள். பிறகு தொனியை 0 முதல் 255 வரையிலான எண்ணாகப் படிக்க வசதியாக இருக்கும்.

இப்போது கிழிசலின் விளிம்பைப் பெரிதாக்கிப் பாருங்கள். காகிதம் நேராகக் கிழிவதில்லை, சாய்வாகப் பிளக்கிறது. மேல்பூச்சு ஓரிடத்தில் நிற்க, அடியில் வெள்ளை நார் நீட்டிக்கொண்டிருக்கும். 1200 டிபிஐயில் 1 மி.மீ. என்பது 47 பிக்சல். அரை மி.மீ. நார் இருந்தால்கூட 20 பிக்சலுக்கு மேல் வெள்ளைப் பட்டை. அதை ஒட்டியே உள்பக்கம் பூச்சு தூக்கிக்கொண்டு நிற்கும், அங்கே மெல்லிய நிழலோ பளபளப்போ விழுந்திருக்கும். அந்தப் பகுதியும் பொய்தான்.

இந்தப் பட்டை முழுவதையும், பளபளப்பு விழுந்த உள்விளிம்பையும் சேர்த்து மாஸ்க்கில் மறைத்துவிடுங்கள். "இருப்பதையும் ஏன் வெட்டுவானேன்" என்று தோன்றும். வெட்டாமல் விட்டால், பின்னால், சுற்றியுள்ள தொனியோடு கலந்து பூசும் ஹீலிங் பிரஷ்ஷை ஓட்டும்போதெல்லாம் அந்த வெள்ளையை எடுத்துத் தோலில் பூசிவிடும். கன்னத்தில் சாம்பல் பூத்த மாதிரி ஒரு கோடு தெரிகிற படங்களில் காரணம் அநேகமாக இதுதான்.

4. ஒட்டும் முன் முகத்தில் கோடு போடுங்கள்

புதிதாக ஒரு காலி லேயர் எடுத்து, கண்ணைப் பறிக்கும் நிறத்தில் மெல்லிய கோடுகள் வரையுங்கள். இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம்.

முதல் கோடு, இரண்டு கண்ணின் உள்மூலைகளையும் இணைப்பது. நம் படத்தில் இரண்டும் தப்பித்திருக்கின்றன, அதனால் சந்தேகத்துக்கு இடமில்லை. அந்தக் கோடு கிடையாக இல்லாமல் சற்றுச் சாய்ந்திருக்கும். தலை எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது அதுதான். ரூலர் கருவியால் கோணத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இங்கே 3 டிகிரி என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டாவது, நெற்றி வகிட்டின் முன்புள்ளி, பொட்டு, மூக்குத்தண்டு, மேலுதட்டின் நடுக்குழி, முகவாய் ஆகியவற்றைத் தொடுகிற நடுக்கோடு. முகம் திரும்பியிருப்பதால் இது நேர்கோடாக வராது, மூக்கருகே இடப்பக்கம் வளையும். வளையட்டும். வகிடு நடுவில் எடுக்காதவராக இருந்தால் வகிட்டை நம்ப வேண்டாம், பொட்டிலிருந்து தொடங்குங்கள். பொட்டையும் முழுசாக நம்ப முடியாது என்பது வேறு விஷயம். கண்ணாடி பார்த்து வைத்ததுதானே, ஒரு நூல் தள்ளி இருக்கலாம். சில ஸ்டுடியோக்களில் பொட்டை மையால் பிரிண்டின் மேலேயே வைத்ததும் உண்டு.

மூன்றாவது, இருக்கிற கண்ணின் அகலம். இடக்கண் 175 பிக்சல் வருகிறது. வலக்கண்ணும் 175 என்று வைத்தால் தப்பு. முகம் இடப்பக்கம் திரும்பியிருப்பதால் வலக்கண்தான் நமக்கு நேராக இருக்கிறது, இடக்கண் ஓரமாக ஒதுங்கிக் குறுகித் தெரிகிறது. இவ்வளவு லேசான திருப்பத்துக்கு 5 முதல் 10 சதவீதம் வரை வித்தியாசம் வரும். 7 சதவீதம் என்று தொடங்கினால் 187 பிக்சல். உள்மூலையிலிருந்து 187 பிக்சல் தள்ளி ஒரு புள்ளி வையுங்கள், அதுதான் வெளிமூலைக்கு முதல் ஊகம். அளப்பதற்கு என்று எடுத்து வைத்த படத்தோடு ஒப்பிட்டு இதைச் சரிசெய்யலாம்.

மூக்குத்தண்டிலிருந்து இரண்டு உள்மூலைகளுக்கும் உள்ள தூரத்தை வைத்து இந்த விகிதத்தைக் கணக்கிட வேண்டாம். மூக்கு முன்னால் துருத்திக்கொண்டிருப்பதால் திருப்பத்தை மிகைப்படுத்திக் காட்டும், கண் மாட்டுக்கண் ஆகிவிடும்.

கடைசியாக, மூக்கு மடலின் வெளிவிளிம்பிலிருந்து கண்ணின் வெளிமூலை வழியாக ஒரு கோடு இழுங்கள். புருவம் அந்தக் கோட்டின் பக்கத்தில் முடிய வேண்டும். ஒப்பனைக்காரர்கள் தினமும் பயன்படுத்துகிற கோடு இது. இருக்கிற பக்கத்தில் முதலில் போட்டுப் பாருங்கள். அங்கே புருவம் கோட்டைத் தாண்டி எவ்வளவு போகிறதோ அதே அளவுதான் இங்கும்.

5. இமையையும் புருவத்தையும் கடன் வாங்குங்கள், முகத்தை அல்ல

இடக்கண்ணைச் சுற்றி, புருவத்துக்கு மேலே கொஞ்சம், கீழிமைக்குக் கீழே கொஞ்சம் மட்டும் தேர்ந்து, `Ctrl+J` அழுத்தித் தனி லேயராக்குங்கள். கன்னம் வேண்டாம், மூக்கு கண்டிப்பாக வேண்டாம். பாதி முகத்தையே எடுத்துத் திருப்பினால் இடப்பக்கத்து மூக்குத்தி வலப்பக்கமும் வந்துவிடும். இரட்டை மூக்குத்தி போடுகிறவர்களும் இருப்பதால் நமக்கு உறுத்தாது, குடும்பத்துக்கு உறுத்தும்.

அந்த லேயரை ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக மாற்றிவிடுங்கள். ஒவ்வொரு முறை சுழற்றி, வளைத்து உறுதிசெய்யும்போதும் பிக்சல்கள் கொஞ்சம் மழுங்கும். ஸ்மார்ட் ஆப்ஜெக்டில் எத்தனை முறை மாற்றினாலும் அசலிலிருந்தே கணக்கிடும்.

பிறகு `Edit > Transform > Flip Horizontal`. திருப்பியதும் ஒன்றைக் கவனியுங்கள். தலை ஒரு பக்கம் 3 டிகிரி சாய்ந்திருந்தது, திருப்பிய கண்ணில் சாய்வு எதிர்ப்பக்கம் 3 டிகிரி ஆகிவிட்டது. ஆக 3 அல்ல, 6 டிகிரி சுழற்ற வேண்டும். இதைச் செய்யாமல் கண்ணை மேலும் கீழும் நகர்த்திக்கொண்டே இருந்தால் எங்கே வைத்தாலும் பொருந்தாது. உள்மூலை பொருந்தினால் வெளிமூலை தொங்கும்.

சுழற்றிய பிறகு அகலத்தை மட்டும் 107 சதவீதமாக்குங்கள், உயரத்தைத் தொட வேண்டாம். லேயரின் ஒளிபுகாமையைப் பாதியாகக் குறைத்து, தப்பித்த உள்மூலையின் மேல் இந்த உள்மூலையைக் கொண்டுபோய் வையுங்கள். அங்கே ஒன்றன்மேல் ஒன்றாகச் சரியாக உட்கார வேண்டும். அப்புறம் வெளிமூலை நீங்கள் வைத்த புள்ளியில் விழுகிறதா என்று பாருங்கள். மிச்சமுள்ள சிறு வேறுபாட்டை `Edit > Transform > Warp` வைத்து இழுத்துக்கொள்ளலாம்.

புருவத்தில் ஒரு எச்சரிக்கை. இரண்டு புருவமும் ஒரே மாதிரி இருக்கிற மனிதர்கள் குறைவு. தப்பித்திருக்கும் புருவத் தொடக்கத்தின் தடிமனும் போகும் திசையும் என்ன சொல்கின்றனவோ அதற்குக் கட்டுப்படுங்கள். கடன் வாங்கிய புருவம் அதிலிருந்து விலகினால், புருவத்தைத் தனி லேயராகப் பிரித்து வளையுங்கள். மிச்சமிருக்கும் அசல் துணுக்கு எவ்வளவு சின்னதானாலும் அதன்மேல் புது லேயரை ஏற்றாதீர்கள், மாஸ்க்கில் எப்போதும் அசலுக்கே வழி விடுங்கள்.

6. கருவிழியைத் திருப்பாதீர்கள்

இந்த வேலையில் ஒரே ஒரு விஷயம்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த அம்மாவின் முகம் இடப்பக்கம் திரும்பியிருக்கிறது, ஆனால் கேமராவைப் பார்க்கிறார். அதற்காக இரண்டு கருவிழிகளும் வலப்பக்கம் நகர்ந்திருக்கும். இடக்கண்ணில் வலப்பக்கம் என்பது மூக்குப் பக்கம். அந்தக் கண்ணை அப்படியே திருப்பி ஒட்டினால் புதுக் கண்ணிலும் கருவிழி மூக்குப் பக்கமே ஒதுங்கும். இரண்டும் உள்நோக்கிப் பார்க்கும், அதாவது மாறுகண். உண்மையில் வலக்கண்ணின் கருவிழி காதுப் பக்கம் ஒதுங்கியிருக்க வேண்டும்.

கண்ணில் மின்னும் வெளிச்சப் புள்ளியும் இப்படித்தான். விளக்கு இடப்பக்கம் மேலே இருப்பதால் இரண்டு கண்ணிலும் அது கடிகாரத்தின் பத்து, பதினொன்று மணி இருக்கும் இடத்தில் விழும். திருப்பிய கண்ணில் ஒன்று, இரண்டு மணிக்குப் போய்விடும். பார்ப்பவருக்கு என்னவென்று சொல்லத் தெரியாவிட்டாலும் பார்வை உயிரில்லாமல் தெரியும்.

அதனால் இமைகளை மட்டும் திருப்புங்கள், விழியைத் திருப்பாதீர்கள். அசல் இடக்கண்ணிலிருந்து கருவிழியைத் தனியாகத் தேர்ந்து, திருப்பாமல் அப்படியே நகலெடுத்து வலக்கண்ணுக்குள் நகர்த்துங்கள். கருவிழியின் மேல்பகுதியை எப்போதும் மேலிமை கொஞ்சம் மறைத்திருக்கும். அந்த மறைந்த பகுதி நகலில் இருக்காது. அடர் நிறத்தில் வட்டத்தைப் பூர்த்திசெய்துவிட்டு, திருப்பிய இமையின் மாஸ்க்குக்குக் கீழே லேயரை வையுங்கள். பழைய கருவிழி நின்ற இடத்தை வெள்ளைவிழியின் தொனியால் நிரப்ப வேண்டும். மேலிமை விழியின்மேல் போடும் மெல்லிய நிழலை மறக்க வேண்டாம், அது இல்லையென்றால் விழி கண்ணிலிருந்து பிதுங்கியது போல் இருக்கும்.

எவ்வளவு நகர்த்துவது? இடக்கண்ணில் கருவிழியின் மையம் கண்ணின் நடுவிலிருந்து எத்தனை பிக்சல் வலப்பக்கம் தள்ளியிருக்கிறது என்று அளந்து, வலக்கண்ணிலும் ஏறக்குறைய அதே அளவு வலப்பக்கம் தள்ளுங்கள்.

7. வெளிச்சத்தை எண்ணாகப் பார்த்துச் சரிசெய்யுங்கள்

கடன் வாங்கிய கண் வெளிச்சப் பக்கத்திலிருந்து வந்தது, போய்ச் சேர்ந்தது நிழல் பக்கம். `Info` பேனலைத் திறந்து வைத்துக்கொண்டு அளவெடுங்கள். இடக்கண்ணுக்குக் கீழே தோல் 180 என்று காட்டுகிறது. வலக்கண்ணின் உள்மூலைக்குப் பக்கத்தில் தப்பித்த தோல் 120. மூன்றில் இரண்டு பங்கு. இடக்கண்ணின் வெள்ளைவிழி 150 என்றால் வலக்கண்ணில் அது 100-க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

100 என்றால் நல்ல சாம்பல். "கண் வெள்ளை வெள்ளையாகத்தானே இருக்கும்" என்று இங்கேதான் கை தடுமாறும். தனியாகப் பார்த்தால் அழுக்காகத் தெரியும், முழு முகத்தோடு பார்த்தால் வெள்ளையாகத் தெரியும். கண்ணுக்கான லேயர்களை ஒரு குரூப்பில் போட்டு, அந்தக் குரூப்புக்கு மட்டும் வேலை செய்யும்படி மேலே ஒரு `Curves` லேயரைக் கிளிப் செய்து, எண்களைப் பார்த்தே இறக்குங்கள்.

மின்னும் புள்ளிக்கு மட்டும் இந்தக் கணக்கு கிடையாது. அது தோல்மேல் படும் வெளிச்சம் அல்ல, விளக்கின் பிம்பமே. நிழல் பக்கக் கண்ணிலும் அது கிட்டத்தட்ட அதே பளிச்சோடு இருக்கும். ஆகவே அதைத் தனி லேயரில், `Curves`-க்கு மேலே வையுங்கள்.

சந்தேகம் வந்தால் பக்கத்தில் நிற்கும் கணவரைப் பாருங்கள். அதே விளக்கு, அதே நாள். அவருடைய நிழல் பக்கக் கண் எவ்வளவு இருட்டு, புள்ளி எங்கே, மூக்கின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது எல்லாம் அங்கே அப்படியே இருக்கிறது. ஒரே படத்தில் இரண்டாவது ஆள் இருப்பதை நம்மில் பலரும் பயன்படுத்திக்கொள்வதில்லை.

8. கன்னமும் உதட்டோரமும்

கன்னத்தை ஒட்ட வேண்டாம், வரையுங்கள். கண் லேயர்களுக்குக் கீழே காலி லேயர் ஒன்று எடுத்து, பெரிய மென்மையான பிரஷ்ஷால், தப்பித்த இடங்களிலிருந்து தொனியை எடுத்துப் பூசுங்கள். மூக்கோரத்தில் 120, தாடைக்கோட்டில் 95 என்றால் நடுவே படிப்படியாக இறங்க வேண்டும். கன்ன எலும்பு உள்ள இடத்தில் கொஞ்சம் ஏறி மறுபடி இறங்கும். அதைக் கணவர் முகத்திலும் மற்ற படத்திலும் பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள்.

இந்த நேரத்தில் தோல் மெழுகு மாதிரி இருக்கும். பதறி உடனே குளோன் ஸ்டாம்பை எடுக்க வேண்டாம். கண்ணைச் சுருக்கிக்கொண்டு தூரத்திலிருந்து பார்த்தால் கன்னம் உருண்டையாகத் தெரிகிறதா என்பதுதான் இப்போதைய கேள்வி. உருண்டை சரியில்லாமல் மேலே தோல் நயம் ஏற்றினால், அழுக்குப் படிந்த தட்டையான கன்னம்தான் மிஞ்சும்.

உருண்டை சரியான பிறகு, கழுத்திலோ நெற்றியிலோ இதே தொனி உள்ள இடத்திலிருந்து இன்னொரு காலி லேயரில் குளோன் செய்யுங்கள். ஒரே இடத்திலிருந்து திரும்பத் திரும்ப எடுத்தால் ஒரே புள்ளிக் கோலம் வரிசையாக வரும், அதனால் இடத்தை மாற்றிக்கொண்டே இருங்கள். தோலில் நிறைய துளைகளையும் சுருக்கங்களையும் தேட வேண்டாம். அந்தக் கால ஸ்டுடியோக்களில் நெகடிவ்மேல் பென்சிலால் ரீடச் செய்து முகத்தை வழுவழுப்பாக்குவது சாதாரணம். இருக்கும் பாதி எவ்வளவு வழுவழுப்போ அவ்வளவு போதும்.

உதட்டோரத்துக்குத் திருப்புவதைவிட நீட்டுவது நல்லது. இரண்டு உதடும் சேரும் இருண்ட கோடு கிழிசல்வரை வந்திருக்கிறது. அது எந்தப் பக்கம் வளைந்து போகிறதோ அதே வளைவில் சிறிய பிரஷ்ஷால் தொடருங்கள். ஓரத்தில் ஒரு சிறு நிழல் குழி வையுங்கள். அதை ஒரு நூல் மேலே வைத்தால் சிரிப்பு, கீழே வைத்தால் சோகம். இருக்கும் ஓரத்தின் உயரத்தை, நீங்கள் போட்ட 3 டிகிரி கோட்டுக்கு இணையாக இந்தப் பக்கம் கொண்டுவந்து வைத்தால் அநேகமாகச் சரியாக வரும்.

9. தோடு

இதைக் கஷ்டம் என்று நினைத்துப் பலர் கடைசிவரை ஒத்திப்போடுவார்கள். முகத்தோடு ஒப்பிட்டால் சுலபம். ஏழுகல் தோட்டில் நடுவே ஒரு கல், சுற்றி ஆறு. நடுக்கல்லும் ஓரத்தில் மூன்றும் தப்பித்திருந்தால் மற்ற மூன்றின் இடம் தானே தெரிந்துவிடும், 60 டிகிரிக்கு ஒன்று. தோடு முகத்தோடு திரும்பியிருப்பதால் வட்டமாக இல்லாமல் முட்டை வடிவில் இருக்கும், முதலில் அந்த முட்டையை வரைந்துகொள்ளுங்கள்.

ஒரு கல்லை நகலெடுத்து இடத்துக்கு நகர்த்துங்கள், சுழற்ற வேண்டாம். சுழற்றினால் கல்லின் மின்னலும் சேர்ந்து சுழன்று, ஒவ்வொரு கல்லும் வெவ்வேறு விளக்கைப் பார்ப்பது போலாகிவிடும்.

10. கிரெயின் கடைசியில்தான்

வளைத்த கண், வரைந்த கன்னம் இரண்டும் மற்ற இடங்களைவிட மழமழவென்று இருக்கும். எல்லா லேயருக்கும் மேலே ஒரு லேயர் எடுத்து, 50 சதவீதச் சாம்பல் நிரப்பி, கலப்பு முறையை `Overlay` ஆக்குங்கள். `Filter > Noise > Add Noise`-இல் `Gaussian`, `Monochromatic` தேர்ந்து 3 சதவீதத்தில் தொடங்குங்கள். அதன்மேல் 0.6 முதல் 1 பிக்சல் வரை `Gaussian Blur`. 1200 டிபிஐயில் பழைய பிரிண்டின் மணல் ஒரு பிக்சலைவிடப் பெரியது. மங்கலாக்காமல் விட்டால் ஊசி ஊசியாகத் தெரியும்.

மாஸ்க் போட்டு, திரும்ப அமைத்த இடத்துக்கு மட்டும் விடுங்கள். 100 சதவீதப் பார்வையில் நெற்றியையும் புதுக் கன்னத்தையும் மாறி மாறிப் பார்த்து அளவைக் கூட்டிக் குறையுங்கள்.

11. சோதனை: யாரிடம் காட்டுவது, என்ன கேட்பது

முதலில் முழுப் படத்தையும் இடவலமாகத் திருப்பிப் பாருங்கள். பழகிப்போன கண்ணுக்குத் தெரியாத கோணல் அப்போது முகத்தில் அறையும். பிறகு அசல் பிரிண்டின் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். பெரிதாக்கும்போது மட்டும் தெரிகிற குறைகளில் நேரத்தைக் கொட்டுவதைவிட, சின்ன அளவிலும் உறுத்துவதை முதலில் சரிசெய்யுங்கள்.

அப்புறம் அந்த அம்மாவை நேரில் பார்த்துப் பழகியவரிடம் காட்டுங்கள். எந்தப் பக்கத்தை அமைத்தீர்கள் என்று சொல்லாதீர்கள். "நல்லா இருக்கா?" என்று கேட்டால் மரியாதைக்கு நல்லா இருக்கு என்பார்கள். "பார்த்ததும் எங்கே இடறுது?" என்று கேளுங்கள். பதில் தொழில்நுட்பமாக வராது, அதை நாம்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

"அம்மா இப்படி முறைக்க மாட்டாங்களே தம்பி" என்றால் கருவிழிக்கு மேலே வெள்ளை தெரிகிறது, மேலிமையை ஒன்றிரண்டு பிக்சல் இறக்குங்கள். "தூக்கக் கலக்கம் மாதிரி இருக்கு" என்றால் இமை அதிகமாக இறங்கியிருக்கிறது, அல்லது மின்னும் புள்ளி மங்கிவிட்டது. "எங்கேயோ பார்க்கிறாங்க" என்றால் கருவிழி நகர்ந்த அளவில் தப்பு. "எல்லாம் சரி, ஆனா வேற யாரோ" என்றால் தோலையும் நிழலையும் தொடாமல் நேராக 4-ஆம் படிக்குத் திரும்புங்கள். அநேகமாக வெளிமூலையின் இடமோ புருவத்தின் முடிவோ தவறியிருக்கும்.

இரண்டு கண்ணும் போய்விட்ட படம், வேறு படமே இல்லாத ஆள் என்றால் இந்த முறை உதவாது. அளப்பதற்கு ஒன்றுமில்லாதபோது நீங்கள் அமைப்பது அவருடைய முகம் அல்ல, உங்கள் கற்பனை. அதை வேலை தொடங்கும் முன்பே வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, மற்ற இடங்களைச் சீர்செய்து, கிழிந்த பகுதியைப் பக்கத்துத் தொனியில் சாதாரணமாக நிரப்பிக் கொடுப்பதே நேர்மை.

12. சேமிப்பதும் கொடுப்பதும்

மூன்று கோப்புகள் வையுங்கள்: தொடாத ஸ்கேன், லேயர்களோடு உள்ள கோப்பு, கொடுப்பதற்கான படம்.

```
101_scan_original.tif
101_layers.psd
101_rebuilt.jpg
```

`File > File Info`-வில் விளக்கம் எழுதும் இடத்தில் "வலக்கண், வலக்கன்னம், உதட்டோரம், தோட்டில் பாதி திரும்ப அமைக்கப்பட்டவை" என்று எழுதிவிடுங்கள். நாளைக்கு யாராவது இந்தப் படத்தை வைத்து இன்னொரு படத்தைச் சரிசெய்யும்போது, நாம் ஊகித்த கண்ணை அசல் என்று நினைத்து அளக்கக் கூடாது.

கிழிந்த அசல் பிரிண்டையும் துண்டுகளையும், ஒட்டாமல் கொள்ளாமல், அமிலமில்லாத காகித உறையில் தட்டையாக வைத்துத் திருப்பிக் கொடுங்கள். புதுப் படம் வந்துவிட்டது என்று அதைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள், வேண்டாம் என்று சொல்லிக் கொடுங்கள். மிச்சத் துண்டு எப்போது வேண்டுமானாலும் ஏதாவது ஆல்பத்திலிருந்து கிடைக்கலாம். அன்றைக்கு லேயர் கோப்பைத் திறந்து, நீங்கள் அமைத்த கண்ணை அணைத்துவிட்டு அசலை அங்கே வைக்க வேண்டியிருக்கும்.